காலை எட்டு மணி ரத்தம்

டிப்போவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எதிரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'ஊதுகுழல்'. பதினாலு வருஷமாக என் வேலை அது. வண்டி எடுக்க வருகிற ஒவ்வொரு டிரைவரையும் வாசலில் நிறுத்தி, மிஷினில் புதுக் குழாய் சொருகி, "ஊது" என்பேன். மிஷின் பூஜ்யம் காட்டினால் பதிவேட்டில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்து வைப்பேன், சாவி கொடுப்பேன். எண் வந்தால் சாவி இல்லை, ஆள் வீட்டுக்கு.

இதுவரை நாற்பத்துமூன்று பேரைப் பிடித்திருக்கிறேன். அந்த நாற்பத்துமூன்று பேரில் ஒருத்தன்கூட "ஆமா சார், குடிச்சேன்" என்று சொன்னதில்லை. பிள்ளை மேல் சத்தியம் செய்தவன் உண்டு, இருமல் மருந்து என்றவன் உண்டு, பக்கத்தில் படுத்தவன் குடித்தான் என்று சொன்ன மகானும் உண்டு. அதனால் 'குடிக்கல' என்ற வார்த்தைக்கு என் காதில் மதிப்பே போய்விட்டது. அதைச் சொல்கிறவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணனும் இதே டிப்போவில் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஈரல் கெட்டு, வயிறு வீங்கிச் செத்தான். நாற்பத்தெட்டு வயசு. குடித்துத்தான் செத்தான். அவனும் "குடிக்கல, குடிக்கல" என்று மாசக்கணக்கில் சாதித்தான். கடைசியில் அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். நான் அன்றைக்கு ஜெயித்தேன். கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கதையைச் சொல்லவே அதைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் போன பிறகு அண்ணி என்னோடு பேசுவதில்லை. நானும் வீம்பாகப் போகவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு நாற்பத்தாறு. ஒரு வருஷமாகவே உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. உட்கார்ந்தால் தூக்கம், படுத்தால் முழிப்பு. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்து நடித்துக்கொண்டே மூச்சு வாங்குவேன். காலையில் குழாயை மிஷினில் சொருகும்போது வலது கையில் இரண்டு விரல் முட்டிகள் சுண்டி இழுக்கும். சவரம் வாரத்துக்கு இரண்டு முறை போதும் என்று ஆகிவிட்டது. அதைக்கூட நான் லாபம் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்குச் சொல்லத் தேவை இல்லை, அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாகக் கட்டிலில் நாங்கள் இரண்டு பயணிகள், அவ்வளவுதான். முதலில் அவள் கோபித்துக்கொண்டாள். பிறகு அழுதாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். அவள் விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேற யாராவதா?" என்று ஒரு நாள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களையா? எவளாவது சோறு போட்டுத் தூங்க வெப்பாளா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலமே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஒரு அம்மா. டிப்போவுக்கு இரண்டு தெரு தள்ளி கிளினிக். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடுகிற ரகம். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் எங்கள் விசாரணை அதிகாரி தோற்றுப்போவார். எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, வலி மாத்திரை, தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, ஜிம்மில் ஊசி ஏதாவது?

"ஜிம்மா? இவரா?" என்றாள் என் மனைவி.

"நான் எல்லாரையும் கேக்கறதுதான்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "காலைல எந்திரிக்கும்போது ஆண்குறி விறைப்பு இருக்கா?"

ஒரு பெண் பிள்ளை இப்படி மழை பெய்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டால் மனுஷன் என்ன செய்வான். நான் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். "ரொம்ப நாளா இல்லை" என்று என் மனைவிதான் சொன்னாள்.

குடும்பத்தில் யாருக்காவது நோய் என்று கேட்டார். சர்க்கரை, இதயம், ஈரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக. "எதுவும் இல்லை" என்றேன். மனசறிந்து பொய் சொல்லவில்லை. அண்ணனுக்கு வந்தது என் கணக்கில் நோயே இல்லை, அவன் செய்துகொண்டது. குடும்ப நோய்ப் பட்டியலில் குடியை யார் சேர்ப்பார்கள்?

ரத்தம் கொடுத்தேன். ஆணுக்கான ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், முந்நூறுக்கு மேல் இருக்க வேண்டியது நூற்று அறுபத்தெட்டு என்று வந்தது.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. என் மேல் தப்பு இல்லை, ஒரு எண்ணின் மேல்தான் தப்பு. எண் என்றால் எனக்குப் புரியும். எண் குறைந்தால் ஏற்றலாம். பணிமனை மெக்கானிக் ஒருத்தன் முன்பே சொல்லியிருந்தான், ஊசி இருக்கிறது, இரண்டே வாரத்தில் காளை மாதிரி ஆகிவிடலாம் என்று.

"ஊசி போட்டுடுங்கம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"எண் குறைவா இருக்கே."

"ஒரு எண்ண வச்சு நான் ஊசி போட மாட்டேன். நீங்க ரத்தம் குடுத்தது எப்போ?"

"டூட்டி நடுவுல, பத்தரை இருக்கும். டீ பிஸ்கட் சாப்ட்டுட்டு."

அவர் நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "இந்த ஹார்மோன் விடிகாலைல உச்சத்துல இருக்கும். போகப் போக இறங்கும். சாப்பிட்டா இறங்கும். தூக்கம் கெட்டா இறங்கும். காய்ச்சல் வந்து போனாக்கூட இறங்கும். நீங்க மூணரைக்கு எந்திரிச்சு, அரைத் தூக்கத்துல, பிஸ்கட் தின்னுட்டு, பத்தரைக்குக் குடுத்த ரத்தத்த நான் நம்பறதா? உங்க மிஷின்ல ஒருத்தன் ஊதினதும் எண் வந்தா உடனே வேலைய விட்டுத் தூக்கிடுவீங்களா?"

"இல்லம்மா. கால் மணி நேரம் உக்கார வெச்சு, வாய் கொப்புளிக்கச் சொல்லி, மறுபடி ஊதச் சொல்லுவோம்."

"அதேதான். ஒரு வாரம் லீவு போடுங்க. ராத்திரி நல்லாத் தூங்குங்க. அப்புறம் வெறும் வயித்துல காலை எட்டு மணிக்கு வாங்க. ரெண்டு தடவை குறைஞ்சாத்தான் குறைவுன்னு சொல்லுவேன். அப்பக்கூட ஏன் குறையுதுன்னு பாக்காம ஊசி போட்டா, எண் ஏறிடும், காரணம் ஒளிஞ்சுக்கும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் மறுபரிசோதனை என்ற நியாயத்தை நான் எப்படி மறுக்க முடியும்? ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். என் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்பிப் போன பிறகும் படுத்திருந்தேன். பதினாலு வருஷத்தில் முதல் முறையாக வெயில் ஜன்னலுக்கு வருவதைப் பார்த்தேன். அவ்வளவு தூங்கியும் களைப்பு அப்படியே கிடந்தது. நாலாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, எண் ஏறாது என்று.

எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு, கை நீட்டினேன். இந்த முறை ஒரு குழாய் இல்லை, ஏழு குழாய். ரத்தம் எடுத்த பெண் ஒவ்வொன்றையும் தலைகீழாக ஆட்டி ஆட்டி வரிசையில் வைத்தாள். "இவ்ளோவா?" என்றேன். "டாக்டரம்மா லிஸ்ட் போட்டா இப்படித்தான் சார்" என்றாள்.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். ஹார்மோன் நூற்று நாற்பத்தொன்று. முன்பைவிடக் குறைவு.

டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பி வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். ஹார்மோனைச் சுமந்துகொண்டு போகிற புரதத்தையும் கணக்கில் எடுத்தாயிற்று, அப்படியும் குறைவுதான். தைராய்டு சரி. புரோலாக்டின் சரி, அது ஏறியிருந்தால் மூளையடியில் கட்டி இருக்கிறதா என்று முதலில் ஓட வேண்டியிருக்கும். ரத்தசோகை இல்லை. சர்க்கரை எல்லையைத் தாண்டியிருக்கிறது.

"இதப் பாருங்க. எல்.எச். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பி, விரைக்கு 'வேலை செய்'னு அனுப்புற உத்தரவு இது. கீழ சரக்கு குறைஞ்சா மேலருந்து உத்தரவு பலமா வரணும். உங்களுக்கு உத்தரவே வரல. அப்ப கோளாறு கீழ இல்ல, மேல."

"அதிகாரி தூங்கறாரு."

"தூங்கறாரா, அவரை எதாவது அமுக்குதான்னு பாக்கணும். அதுக்குத்தான் இந்தக் கடைசி ரெண்டு வரி." அவர் விரல் அங்கேயே நின்றது. "இரும்புச் சத்து."

ஃபெரிட்டின் என்ற ஒன்று முந்நூறுக்குள் இருக்க வேண்டும். எனக்கு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் காலியாக ஓட வேண்டுமாம். என்னுடையதில் நூற்றுக்கு எண்பத்தாறு நிரம்பி வழிந்தது.

"கைய நீட்டுங்க" என்றார். என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியையும் அழுத்தினார். நான் 'ஆ' என்றேன். "எத்தனை நாளா?" "ரெண்டு வருஷம் இருக்கும். வேலையில வந்ததுன்னு..." என் புறங்கையைத் திருப்பி, அதை என் மனைவியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். "இவரு கல்யாணத்தப்ப இந்த நிறமா?"

"இல்லைம்மா. வெயில்ல நிக்கறாரு, கறுத்துட்டாருன்னு நெனச்சேன்."

"சட்டைக்குள்ளயும் இதே நிறம்தான். அங்க வெயில் எங்கருந்து வந்தது?"

பிறகு அவர் பேனாவை எடுத்தார். "குடிப்பீங்களா?"

"இல்ல" என்றேன்.

"எப்பவாவது? கல்யாணம், நண்பர்கள்?"

"குடிக்கறதில்லம்மா."

அவர் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தினமும் காலையில் நான் பார்க்கிற பார்வை அது. அதன் இந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை. உண்மையைச் சொன்ன பிறகும் காது சூடாகும், நாக்கு வறளும், சொன்னதையே இன்னொரு முறை பலமாகச் சொல்ல வேண்டும் போல இருக்கும், பலமாகச் சொன்னால் பொய் மாதிரியே ஒலிக்கும். அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்தார். "நிஜமாம்மா?"

"பொட்டு கூடக் கிடையாது" என்றாள் அவள். "இவரு வேலையே அதைப் பிடிக்கறதுதான்."

அவர் எழுதிக்கொண்டார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. என் மனைவியின் ஒரு வாய்ச்சொல்லில் நான் குடிக்காதவன் ஆகிவிட்டேன்.

"குடிச்சாலும் ஃபெரிட்டின் ஏறும், அதான் ரெண்டு தடவை கேட்டேன். நீங்க குடிக்கல, இரும்பு மாத்திரை சாப்பிடல, அடுத்தவங்க ரத்தம் ஏத்தல. வண்டி எண்பத்தாறு நிரம்பியிருக்கு. பிறவியிலயே குடல் இரும்ப அளவில்லாம உறிஞ்சுற கோளாறா இருக்கலாம். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பறேன். அரிது, அதனால யாரும் தேடறதில்ல. உடம்புக்கு இரும்ப வெளிய தள்ற வழி கிடையாது. வருஷக்கணக்கா சேந்து, போய்ப் படியும். பிட்யூட்டரில படிஞ்சா இந்த ஹார்மோன் விழும். கணையத்துல சர்க்கரை. மூட்டுல வலி. தோல் கறுக்கும். கடைசியா..." அவர் தன் வலது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "ஈரல். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி இருக்காங்களா? அவங்களையும் உடனே பாக்கணும். கூடப் பொறந்தவங்களுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு."

"ஒரு அண்ணன்."

"வரச் சொல்லுங்க."

"இல்லம்மா. போயிட்டான். மூணு வருஷம் ஆச்சு."

"எதுல?"

நான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை 'குடி'. அதைச் சொல்லாமல் "ஈரல்" என்றேன். முதல் முறையாக அப்படிச் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அன்னிக்குக் குடும்பத்துல யாருக்கும் எதுவும் இல்லன்னீங்களே?"

"குடிச்சுப் போனான்னு..."

"யார் சொன்னது குடிச்சான்னு?"

என் மனைவி குனிந்து கைப்பையின் பித்தளைப் பூட்டைத் திறந்து மூடினாள்.

"நான்தான்" என்றேன்.

அது உண்மை. அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இளம் டாக்டர் ஒருத்தர் என்னை வராண்டாவுக்குத் தனியாகக் கூப்பிட்டார். "பேஷண்ட் குடிக்கவே இல்லங்கறார். மனைவியும் அதையே சொல்றாங்க. நீங்க கூடப் பொறந்தவர், அதே இடத்துல வேலை பாக்கறீங்க. உண்மைய சொல்லுங்க, வேற என்ன காரணம்னு தேடணுமான்னு நான் தெரிஞ்சுக்கணும்." நான் யோசிக்கவே இல்லை. முகம் கறுத்திருந்தது, கை நடுங்கியது, ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை என்றான், பகலில் தூங்கி விழுந்தான், மீசைகூட மெலிந்துவிட்டது. ஒரு நாள் மதுக்கடை வாசலில் அவன் நின்றதையும் பார்த்திருந்தேன். "குடிக்கிறான் டாக்டர். நம்பாதீங்க. இந்த மாதிரி நாப்பது பேரைப் பாத்தவன் நான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். தேடுவது அன்றோடு நின்றது.

மறுநாள் டிப்போவுக்குப் போய் அலமாரியைத் திறந்து பழைய பதிவேடுகளை இறக்கினேன். நான் மிஷின் பிடித்த நாளிலிருந்து அண்ணன் வண்டி எடுப்பதை நிறுத்திய நாள் வரைக்கும். அவன் பெயருக்கு நேரே பூஜ்யம். அடுத்த நாளும் பூஜ்யம். பண்டிகைக்கு மறுநாள், சம்பளத்துக்கு மறுநாள், மற்றவர்கள் எல்லாம் மாட்டிய நாட்களிலும் பூஜ்யம். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் பக்கத்தில் என் கையெழுத்து. பத்து வருஷத்துக்கு மேல் மிஷின் சொன்னதை நம்பிச் சாவி கொடுத்தவன், வராண்டாவில் அதை ஒரு நிமிஷத்தில் மறந்தேன். அப்போது கேட்டிருந்தால் 'சாயங்காலம் குடித்தால் காலைக்குள் இறங்கிவிடும், கெட்டிக்காரன்' என்று சொல்லியிருப்பேன். சொன்னேன்கூட, அண்ணியிடமே.

மரபணுத் தாள் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி இல்லை, சுரப்பியில் இரும்பின் நிழல். ஈரல் விறைக்க ஆரம்பித்திருந்தது, ஆனால் இன்னும் கைமீறவில்லை. பரம்பரைக் கோளாறுதான் என்று தாளும் சொன்னது. "பிள்ளைங்களையும் சோதிக்கணும். உங்க அண்ணன் பிள்ளைங்களையும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, ஆனா விடக்கூடாது. நீங்களே போய் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணி திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்க்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனேன். பெரிய மேஜை முழுக்கச் சாம்பல் நிறத் துணி விரிந்து கிடந்தது. அதன் விளிம்பில் அளவு நாடாவை வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அண்ணி, எனக்கு உடம்பு சரியில்ல."

"தெரியுது. அவரு மாதிரியே கறுத்துட்டீங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். களைப்பு, எட்டு மணி ரத்தம், இரண்டு முறை குறைந்தது, இரும்பு. சொல்லும்போது கட்டில் விஷயத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன். அண்ணி நிறுத்தினாள்.

"உங்களுக்கும் அது போயிடுச்சா?"

தலையாட்டினேன்.

"அவருக்கு அஞ்சு வருஷம் முன்னயே போச்சு. டாக்டர்கிட்ட போலாம்னு கெஞ்சினேன். வெக்கப்பட்டாரு. ஒரு நா எனக்குத் தெரியாம கடை வாசல் வரைக்கும் போனாராம், குடிச்சா வருமான்னு. உள்ள போகாம திரும்பிட்டாரு. வீட்டுக்கு வந்து அதையும் எங்கிட்டயே சொல்லி அழுதாரு."

அந்தக் கடை வாசல். அந்த ஒரு நாள்தான் நான் பார்த்தது.

அண்ணனுடைய ஆஸ்பத்திரித் தாள்கள் இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணி உடனே மேஜைக்கு அடியிலிருந்து பையை எடுத்தாள் என்று நினைக்காதீர்கள், மூன்று வருஷமாக யாரும் அப்படி ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னாள். போனேன். ஆஸ்பத்திரித் தாள்களை ஒரு பழைய தலையணை உறையில் போட்டு வைத்திருந்தாள். தேடித் தேடி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். ஃபெரிட்டின் மூவாயிரத்துச் சொச்சம். பக்கத்தில் யாரோ ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அதே கையெழுத்து அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட்டுக் கீழே ஒரு வரி எழுதியிருந்தது: குடியால். குடிப்பழக்கத்தைத் தம்பி உறுதி செய்கிறார்.

"அவன் இதைப் பாத்தானா?"

"டிஸ்சார்ஜ் அன்னிக்குப் படிச்சாரு."

"எங்கிட்ட எதுவும் கேக்கலையே. கடைசில அவனே ஒத்துக்கிட்டானே அண்ணி. நான் பக்கத்துல நின்னேன். 'ஆமா டாக்டர், குடிச்சேன், இனிமே குடிக்க மாட்டேன்'னு சொன்னான். அதனாலதானே நான்..."

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாத்து ஈரல் பட்டியல்ல பேர் போடணும்னா ஆறு மாசம் குடிக்காம இருந்து காட்டணும்னாங்க. 'நான் குடிக்கறதே இல்ல'ன்னாரு. அப்படிச் சொல்றவங்களுக்கு நோய் புரியலன்னு அர்த்தம், ஒத்துக்கிட்டாத்தான் ஆறு மாசம் எண்ண ஆரம்பிப்போம்னு சொல்லிட்டாங்க. ராத்திரி பூரா யோசிச்சாரு. காலைல போய் ஒத்துக்கிட்டாரு. குடிக்காத குடிய நிறுத்தினாரு. வாரா வாரம் போய் ஊதிக் காட்டினாரு. நாலாம் மாசம் போயிட்டாரு."

மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை எடுத்து நீட்டுவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்கள் மகளையும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடச் சொன்னேன். அண்ணி தாளை வாங்கி, அவளுக்கு என்னென்ன பரிசோதனை என்று இரண்டு முறை கேட்டுக் கவனமாக எழுதிக்கொண்டாள். பிறகு தலையணை உறையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு என்ன வைத்தியம்?"

"ரத்தத்த எடுக்கறது அண்ணி. வாரம் ஒரு பை. எடுக்க எடுக்க உடம்பு புது ரத்தம் ஊற வைக்க, சேந்த இரும்பச் செலவழிக்கும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு பை."

"மாத்திரை? ஆபரேஷன்?"

"அதெல்லாம் வேணாம். ஹார்மோன் தானா ஏறலன்னா பிற்பாடு ஊசி. இப்போதைக்கு ரத்தம் எடுக்கறதுதான்."

"அவ்ளோதானா?" என்றாள் அண்ணி.

அவள் மடித்த உறை கையிலேயே இருந்தது. அதை அலமாரியில் வைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நான் எழுந்தபோது வாசல்வரைக்கும் வரவில்லை.

அடுத்த வாரம் முதல் பை. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பட்டை கட்டினார்கள். ஊசி தடிமனாக இருந்தது. கருஞ்சிவப்பாக ரத்தம் குழாயில் இறங்கி, கீழே தராசில் கிடந்த பையை மெல்ல நிரப்பியது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் மறு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் முதல் முறை. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவுதான் வைத்தியம் என்பது மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். வயசு, எடை, மாத்திரைகள் என்று வரிசையாகக் கேட்டாள்.

"குடிப்பீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.